பேட்டனின் வேகம்: 4×100 தொடர் ஓட்டத்தில் கைமாற்றும் முப்பது மீட்டர்

உங்கள் அணியில் நால்வர் இருக்கிறார்கள். நால்வரும் தனித்தனியாக 100 மீட்டர் ஓடிய நேரத்தைக் கூட்டி வையுங்கள். பிறகு அதே நால்வரும் ஓடிய 4×100 நேரத்தை அதன் கீழே எழுதுங்கள். பேட்டனைச் சரியாக மாற்றும் அணியில் கீழே உள்ள எண் சிறியதாக இருக்கும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால், உங்கள் அணி ஒவ்வொரு கைமாற்றத்திலும் நேரத்தைத் தரையில் கொட்டிவிட்டு வருகிறது என்று பொருள்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நெஸ்டா கார்ட்டர், மைக்கேல் ஃப்ரேட்டர், யோஹான் பிளேக், உசைன் போல்ட் நால்வரும் 36.84 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார்கள். நான்கால் வகுத்தால் தலைக்கு 9.21 விநாடி. 100 மீட்டரைத் தனியாக 9.21-இல் ஓடிய மனிதர் இதுவரை யாரும் இல்லை. போல்ட்டின் உலக சாதனையே 9.58தான். 2016 ரியோவில் ஜப்பான் அணி 37.60 விநாடியில் வெள்ளி வென்றது. அந்த நாள்வரை அந்த நால்வரில் ஒருவர்கூட 100 மீட்டரை 10 விநாடிக்குள் ஓடியிருக்கவில்லை. கூட்டினால் 40-க்கு மேல் வரவேண்டிய அணி 37.60-இல் முடித்திருக்கிறது.

## கோட்பாடு இவ்வளவு போதும்

100 மீட்டரில் அதிக நேரத்தைத் தின்பது கிளம்பும் இடம்தான். 2009-இல் பெர்லினில் போல்ட் 9.58 ஓடியபோது முதல் 20 மீட்டருக்கு அவருக்கு 2.89 விநாடி ஆனது. அதே ஓட்டத்தில் 60-இலிருந்து 80 மீட்டர் வரையிலான 20 மீட்டரை 1.61 விநாடியில் கடந்தார். நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்க ஆன கூடுதல் செலவு 1.28 விநாடி. துப்பாக்கி ஒலியைக் கேட்டு உடல் அசைய ஆகும் நேரமும் இதில் அடக்கம்.

தொடர் ஓட்டத்தில் இந்தச் செலவு முதல் ஆளுக்கு மட்டும்தான். மற்ற மூவரும் பேட்டன் தங்களிடம் வருவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் வேகம் பிடிக்கும் நேரத்தில், வேறொருவர் பேட்டனை முழு வேகத்தில் கொண்டுவந்துகொண்டிருக்கிறார். கடிகாரம் ஓடுவது பேட்டனுக்காக. அதனால் அந்த மூவரும் கிளம்பும் நேரம் கணக்கில் ஏறுவதில்லை. இந்த அத்தியாயம் முழுக்க ஒரே வேலைதான்: ஆளைப் பார்க்காமல் பேட்டனைப் பார்ப்பது, அதன் வேகம் எங்கே குறைகிறது என்று தேடுவது.

## இடத்தை அளந்து குறியுங்கள்

இன்றைய விதிப்படி கைமாற்று மண்டலம் 30 மீட்டர். 2017-க்குப் பிறகுதான் இந்த அளவு வந்தது. அதற்கு முன் 20 மீட்டர் மண்டலமும், அதற்கு முன்னால் வேகம் பிடிக்க மட்டும் 10 மீட்டரும் தனித்தனியாக இருந்தன. பழைய மைதானங்களில் பழைய கோடுகள் அழியாமல் இருக்கும். அவற்றை நம்பிப் பயிற்சி செய்துவிட்டுப் போட்டியில் குழம்ப வேண்டாம்.

1. உங்கள் லேனில் 100, 200, 300 மீட்டர் முடியும் இடங்களைக் கண்டுபிடியுங்கள்.
2. ஒவ்வொன்றிலிருந்தும் 20 மீட்டர் பின்னால் ஒரு கோடு. இது மண்டலத்தின் தொடக்கம்.
3. அதே இடத்திலிருந்து 10 மீட்டர் முன்னால் இன்னொரு கோடு. இது மண்டலத்தின் முடிவு.
4. வளைவில் டேப்பை நேராக இழுக்காதீர்கள். லேனின் வளைவோடு சேர்த்து அளந்தால்தான் சரியாக வரும்.

வாங்குபவர் மண்டலத்துக்குள்ளிருந்துதான் கிளம்ப வேண்டும். பேட்டன் கைமாறுவதும் மண்டலத்துக்குள்தான் நடக்க வேண்டும். கைமாற்றத்தில் நடுவர் பார்ப்பது கால் எங்கே இருக்கிறது என்பதை அல்ல, பேட்டன் எங்கே இருக்கிறது என்பதை. வாங்குபவரின் கால் கோட்டைத் தாண்டியிருந்தாலும் பின்னால் நீட்டிய கையில் பேட்டன் கோட்டுக்குள் முழுமையாக மாறிவிட்டால் அது செல்லும்.

## செக் மார்க்: எத்தனை அடி?

வாங்குபவர் எப்போது கிளம்புவது? "கிட்ட வந்ததும் ஓடு" என்று சொல்லி விட்டுவிடுவதுதான் நம் பள்ளி மைதானங்களில் நான் அதிகம் பார்த்த தவறு. கிட்ட என்பது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தூரமாகிவிடும். மண்டலம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால், உங்கள் லேனிலேயே, ஒரு ஒட்டுநாடாத் துண்டு போட வேண்டும். கொண்டுவருபவர் அந்த நாடாவைத் தாண்டிய கணத்தில் வாங்குபவர் கிளம்ப வேண்டும். போட்டியில் 5 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு மிகாத ஒரே துண்டுக்குத்தான் அனுமதி.

நாடா எங்கே என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு அளவுகள் போதும்.

1. கொண்டுவருபவரின் களைத்த வேகம். அவர் 110 மீட்டர் முழு வேகத்தில் ஓடட்டும். கடைசி 25 மீட்டருக்கு மட்டும் ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். அவருடைய உச்ச வேகம் நமக்குத் தேவையில்லை. பேட்டன் கொடுக்கும் இடத்தில் மிச்சமிருக்கும் வேகம்தான் தேவை.
2. வாங்குபவர் நின்ற நிலையிலிருந்து 20 மீட்டர் ஓடும் நேரம். போட்டியில் எப்படி நிற்பாரோ அப்படியே நின்று, முழு வேகத்தில் ஓட வேண்டும். உடல் முதலில் அசையும்போது வாட்சை அமுக்குங்கள். மூன்று முறை எடுத்து நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்காக ஒரு பள்ளி மாணவியர் அணியை எடுத்துக்கொள்வோம். முதல் ஓட்டக்காரி கடைசி 25 மீட்டரை 3.2 விநாடியில் ஓடுகிறாள். அதாவது விநாடிக்கு 7.8 மீட்டர். இரண்டாமவள் நின்று கிளம்பி 20 மீட்டரை 3.5 விநாடியில் ஓடுகிறாள். மண்டலத்துக்குள் 20 மீட்டர் வந்த இடத்தில் பேட்டன் மாற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாமவள் ஓடும் 3.5 விநாடியில் முதலாமவள் 7.8 × 3.5 = 27.3 மீட்டர் வந்துவிடுவாள். ஆனால் மண்டலக் கோட்டிலிருந்து அவள் 20 மீட்டர் முழுக்க வரத் தேவையில்லை. இருவரும் கையை நீட்டும்போது நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி இருக்கும். ஆக 19 மீட்டர் போதும். 27.3-இலிருந்து 19-ஐக் கழித்தால் 8.3 மீட்டர். நாடா கோட்டுக்கு 8.3 மீட்டர் பின்னால். வாங்குபவளின் காலணி 25 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 33 அடி. குதிகால், விரல்நுனி என்று ஒட்டி ஒட்டி வைத்து அளக்கும் காலணி அடிதான் இது. போட்டி மைதானத்தில் டேப் பிடிக்க நேரம் கிடைக்காது, காலணி எப்போதும் காலில் இருக்கும்.

## ஏன் ஓர் அடிகூட முக்கியம்

அந்த இரண்டாமவள் முதல் 10 மீட்டரை 2.15 விநாடியில் கடக்கிறாள் என்றால், அதே கணக்குப்படி 31 அடியில் நாடா இருந்தால் இருவரும் 10 மீட்டரிலேயே சந்தித்துவிடுவார்கள். 33 அடியில் 20 மீட்டரில் சந்திக்கிறார்கள். இரண்டு அடி கூட்டியதற்கு, சந்திக்கும் இடம் 10 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது.

34 அடி வைத்தால் என்ன ஆகும்? கொண்டுவருபவள் வாங்குபவளைப் பிடிக்கவே மாட்டாள். 20 மீட்டரை நெருங்கும்போது வாங்குபவளின் வேகம் கொண்டுவருபவளின் வேகத்துக்குச் சமமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு புதிதாகக் கிளம்பியவள் களைத்தவளைவிட வேகமாக ஓடுகிறாள். இடைவெளி கூடுமே தவிரக் குறையாது. மண்டலம் இன்னும் 10 மீட்டர் இருக்கிறதே என்ற ஆறுதல் இங்கே பலிக்காது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் ஜப்பான் அணிக்கு முதல் கைமாற்றத்திலேயே இது நேர்ந்தது. ஷூஹெய் தாதாவால் மண்டலத்துக்குள் ரியோதா யமகதாவின் கையை எட்ட முடியவில்லை. அணி ஓட்டத்தை முடிக்கவே இல்லை. ரியோவில் வெள்ளி வென்ற அணியின் முதல் ஓட்டக்காரர்தான் இந்த யமகதா.

ஆகவே கணக்கு 33 என்று சொன்னாலும் 29-இல் தொடங்குங்கள். ஒரு பயிற்சி நாளில் ஓர் அடிக்கு மேல் கூட்ட வேண்டாம். வாங்குபவர் நாடாவைப் பார்த்து அசைய ஒரு கணம் பிந்துவார் என்பதையும் மறக்காதீர்கள். 0.1 விநாடி பிந்தினால், கொண்டுவருபவர் அதற்குள் 78 சென்டிமீட்டர் நெருங்கிவிடுகிறார். அது மூன்று அடிக்குச் சமம். தாமதம் இருப்பதில் தவறில்லை. இன்று பிந்தி, நாளை முந்தினால்தான் எந்தக் குறியும் நிலைக்காது. கிளம்புவது ஒரே மாதிரி அமையும்வரை அடியை மாற்றாதீர்கள்.

## ஓடும் வரிசை

பேட்டனை வலது, இடது, வலது, இடது என்று கொண்டுபோவது நல்லது. வளைவில் ஓடும் முதலாமவரும் மூன்றாமவரும் வலக்கையில் பிடித்து லேனின் உட்கோட்டை ஒட்டி ஓடலாம். இரண்டாமவரும் நான்காமவரும் இடக்கையில் வாங்குவார்கள். யாரும் பேட்டனைக் கை மாற்றிப் பிடிக்க வேண்டியதில்லை.

1. நிற்பது. வாங்குபவர் மண்டலக் கோட்டை ஒட்டி, கோட்டுக்குள் நிற்கட்டும். இடக்கையில் வாங்குபவர் லேனின் வெளிப்பக்கம். வலக்கையில் வாங்குபவர் உட்பக்கம். கொண்டுவருபவர் மறுபக்கம் வருவார். இருவரும் ஒரே கோட்டில் ஓடினால் ஸ்பைக்ஸ் குதிகாலில் ஏறும்.
2. பார்ப்பது. தோளுக்கு மேலாகவோ கைக்கு அடியிலாகவோ நாடாவை மட்டும் பாருங்கள். வருபவரின் முகத்தைப் பார்த்தால் கிளம்பத் தாமதமாகும்.
3. கிளம்புவது. கால் நாடாவைத் தாண்டியதும் முழு பலத்தோடு. தலை முன்னால் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு திரும்பிப் பார்க்கவே கூடாது.
4. ஓடுவது. இரண்டு கைகளும் சாதாரணமாக வீசட்டும். கையைப் பின்னால் நீட்டிக்கொண்டே ஓடினால் வேகம் பிடிக்காது.
5. குரல். கை எட்டும் தூரத்துக்கு வந்ததும் கொண்டுவருபவர் "கை!" என்று ஒரே சொல்லாகக் கத்த வேண்டும். பக்கத்து லேன்காரரும் அதையே கத்துவார் என்பதால், போட்டிக்கு உங்கள் அணிக்கென்று வேறு ஒரு குறுஞ்சொல் வைத்துக்கொள்ளலாம்.
6. நீட்டுவது. குரல் கேட்டதும் கை பின்னால் போய் அசையாமல் நிற்க வேண்டும். கையைத் தேடிப் பேட்டன் வரும். பேட்டனைத் தேடிக் கை அலையக் கூடாது.
7. கொடுப்பது. கொண்டுவருபவர் உள்ளங்கையில் பேட்டனை வைத்து, அவர் பிடித்துவிட்டார் என்று கையில் உணர்ந்த பிறகே விட வேண்டும். அதுவரை வேகம் குறைக்கக் கூடாது.
8. நிற்பது. கொடுத்தவர் தன் லேனிலேயே மெதுவாக நின்று, மற்ற லேன்கள் காலியான பிறகு வெளியேறட்டும்.

கை எப்படி நீட்டுவது என்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, கையைப் பின்னால் உயர்த்தி உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, பேட்டனை மேலிருந்து வாங்குவது. இதில் இருவருக்கும் இடையே அதிக தூரம் கிடைக்கும். அந்தத் தூரத்தை யாரும் ஓடத் தேவையில்லை, பேட்டனுக்கு அது இலவசம். மற்றது ஜப்பானியர் பின்பற்றும் முறை: கை இடுப்பளவில் இருக்க, கீழிருந்து மேலாக வாங்குவது. இடைவெளி சற்றுக் குறையும்; ஆனால் கை ஓட்டத்தின் இயல்பான வீச்சிலிருந்து அதிகம் விலகாது. முதன்முறை பழகும் அணிக்கு மேலிருந்து வாங்குவதையே நான் சொல்வேன். கொண்டுவருபவருக்கு உள்ளங்கை நன்றாகத் தெரியும்.

## பேட்டனுக்கு ஸ்டாப்வாட்ச்

மொத்த ஓட்ட நேரத்தை மட்டும் எடுத்தால் எந்தக் கைமாற்றம் சரியில்லை என்று தெரியாது. மண்டலம் தொடங்கும் கோட்டைப் பேட்டன் தாண்டும்போது வாட்சை அமுக்குங்கள். முடிவுக்கோட்டைத் தாண்டும்போது நிறுத்துங்கள். இந்த 30 மீட்டர் நேரம்தான் உங்கள் முக்கிய எண். கைபேசியை மண்டலத்துக்கு நேராக ஊன்றி வைத்து வீடியோ எடுத்தால் இன்னும் நம்பகமாக இருக்கும். எங்கே மாறியது என்பதும் அதிலேயே தெரியும்.

மேலே சொன்ன அணியில் முதலாமவள் யாரிடமும் கொடுக்காமல் 7.8 மீட்டர் வேகத்திலேயே 30 மீட்டரைக் கடந்தால் 3.85 விநாடி ஆகும். நல்ல கைமாற்றம் இந்த எண்ணை ஒட்டி இருக்கும். கை நீளம் இலவசமாகக் கிடைப்பதால் சில நாள் அதைவிடக் குறைவாகவும் வரும். 4.5 வந்தால், ஒரு கைமாற்றத்தில் 0.65 விநாடி போய்விட்டது. மூன்றிலும் அப்படியே என்றால் ஏறக்குறைய இரண்டு விநாடி. அந்த வேகத்தில் அது 15 மீட்டர் தூரம்.

எண் பெரிதாக வந்தால் வீடியோவில் இவற்றைத் தேடுங்கள்:

- 10 மீட்டருக்குள் மாறிவிடுகிறது, கொண்டுவருபவர் மோதாமல் இருக்கப் பிரேக் போடுகிறார். நாடா மிகக் கிட்ட இருக்கிறது, அல்லது வாங்குபவர் பிந்திக் கிளம்புகிறார். எது என்று பார்த்த பிறகே அடியைக் கூட்டுங்கள்.
- சரியான இடத்தில் மாறுகிறது, ஆனால் நேரம் அதிகம். வாங்குபவர் முழு வேகத்தில் ஓடவில்லை. பேட்டனுக்காக ஜாகிங் போகிறார். பழகாத அணிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பேட்டன் பத்திரமாக வந்துவிடுவதால் யாரும் இதைத் தவறென்று நினைப்பதில்லை. மருந்து: நாடாவைத் தாண்டியதும் வாங்குபவரை 30 மீட்டர் ஓடவிட்டு, பேட்டன் கொடுக்காமலே சில முறை நேரம் எடுங்கள். பேட்டன் வாங்கும்போதும் அவர் அதே நேரத்தில்தான் 30 மீட்டரை ஓட வேண்டும்.
- கை இரண்டு மூன்று முறை தடவுகிறது. நின்ற இடத்திலும், பிறகு மெதுவாக ஓடியும் கையைப் பழக்குங்கள். நாடாவைத் தொடாதீர்கள்.
- ஒருநாள் 12 மீட்டர், ஒருநாள் 25 மீட்டர். கிளம்பும் கணம் ஒரே மாதிரி இல்லை.

## காயமின்றிப் பழக

முழு வேகக் கைமாற்றம் ஒவ்வொன்றும் ஒரு ஸ்பிரிண்ட். நின்று குளிர்ந்த உடலோடு திடீரெனக் கிளம்பினால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளலாம்; வாங்குபவர் இதில் கவனமாக இருக்க வேண்டும். வார்ம்-அப் முடித்து, வேகத்தை மெல்லக் கூட்டிய மூன்று நான்கு ஓட்டங்களுக்குப் பிறகே நாடா போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடிக்கு நான்கு ஐந்து முழு வேக முயற்சிகள் போதும். இடையில் ஐந்து நிமிடமாவது ஓய்வு. களைப்பில் எடுத்த முயற்சியை வைத்து அடியை மாற்றினால் அந்தக் குறியும் பொய்யாகும்.

பயிற்சிக்குப் பிவிசி குழாயை வெட்டி எடுத்தால் 28 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் விட்டமும் இருக்கட்டும். வெட்டிய விளிம்பை உரசி மழுக்கிவிடுங்கள். மற்ற அணிகள் பழகும் நேரத்தில் கொண்டுவருபவர் கொடுத்ததும் லேன் மாறக் கூடாது. பின்னால் வருபவர் கண்ணைத் தன் அணியில் வாங்குபவர்மேல் வைத்திருப்பார், அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

பேட்டன் விழுந்தால் விழவிட்டவரே எடுக்க வேண்டும். லேனை விட்டு வெளியே போய் எடுக்கலாம். ஓடும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளவோ மற்றவர்களைத் தடுக்கவோ கூடாது. பாய்ந்து பிடிக்கப் போய் அடுத்த லேன்காரரின் காலில் விழுவதுதான் ஆபத்து. நின்று, பார்த்து, எடுங்கள்.

## போட்டி நாளில்

பயிற்சியில் 33 அடி என்று பழகிய நாடா போட்டியிலும் 33 ஆகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எதிர்காற்றிலோ, காலையில் இரண்டு ஓட்டம் ஓடிய களைப்பிலோ முதலாமவளின் வேகம் 7.8-இலிருந்து 7.6 ஆகக் குறைந்தால் கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 7.6 × 3.5 = 26.6, அதிலிருந்து 19 போனால் 7.6 மீட்டர். 30 அடிதான். 33-இல் விட்டிருந்தால் பேட்டன் கைக்கு எட்டாது.

காற்று எந்தக் கைமாற்றத்தில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று மைதானத்தில் நுழைந்ததும் மூன்று இடங்களிலும் நின்று பாருங்கள். ஓர் இடத்தில் எதிர்காற்றாக இருப்பது இன்னோர் இடத்தில் பின்காற்றாக இருக்கும். எதிர்காற்று உள்ள இடத்தில் மட்டும் இரண்டு அடி குறையுங்கள். தகுதிச் சுற்றில் இன்னும் ஓர் அடி குறைத்து வைத்துப் பேட்டனைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். இறுதிக்கு முன், ஒவ்வொரு கைமாற்றமும் மண்டலத்துக்குள் எத்தனையாவது மீட்டரில் நடந்தது என்று பார்த்தவரிடம் கேட்டு, 15 மீட்டருக்குள் மாறிய ஜோடிக்கு அந்த ஓர் அடியைத் திருப்பிக் கொடுங்கள்.